முழுசா குணமானதும் வரட்டும்

“முழுசா குணமாகட்டும்மா, அப்புறம் அனுப்புங்க. சீட்டு எங்கேயும் போயிடாது.”

தலைமையாசிரியை இதை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதனாலேயே எனக்கு வாய் எழவில்லை. எரிந்து விழுந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால் மாமியாரும் அதையே சொன்னார். என் அண்ணன், எதிர்வீட்டு அக்கா, நான் கணக்கு எழுதும் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் என்று எல்லோருக்கும் ஒரே கருத்து. உயிர் முக்கியமா, மூணாம் வாய்ப்பாடு முக்கியமா? இப்படிக் கேட்டுவிட்டால் எந்தத் தாயும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் மூன்று நம்பிக்கைகள் பதுங்கியிருக்கின்றன. வியாதிக்கு ‘குணமாகும் நாள்’ என்று ஒன்று உண்டு, அது வரை காத்திருக்கலாம் என்பது ஒன்று. வீட்டில் இருந்தால் கிருமி அண்டாது என்பது இன்னொன்று. விட்டுப்போன பாடத்தை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. மூன்றும் தப்பு. நல்ல மனசோடு சொல்லப்படுவதால் இதுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். “என் மகள் உடல்நலக் குறைவால் அவதியுறுவதால் நீண்ட விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, ஆறு பக்கத்துக்கு நானே ஒன்று எழுதினேன். விடுப்புக் கேட்டு எழுதவில்லை, வகுப்புக்கு வருவதற்கு அனுமதி கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தில் சொன்னதையும் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்கு வந்திருப்பது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா. வார்டில் ஏ.எல்.எல். என்பார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் பார்க்கப்படுவது இதுதான். ஒட்டுவாரொட்டி கிடையாது. இதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் வகுப்பில் இரண்டு பேரின் அம்மாக்கள் அதைத்தான் முதலில் கேட்டார்களாம். மூன்றாம் வகுப்பு காலாண்டுத் தேர்வு நேரத்தில் கண்டுபிடித்தார்கள். முதல் ஐந்து வாரம் மிகக் கடுமையான மருந்துகள், ரத்தத்தில் புற்றணு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும் வரை. பிறகு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் முதுகுத்தண்டில் ஊசி வழியாக மருந்து, மறுபடி ஒரு கடும் சுற்று. இப்படி ஒன்பது மாதம் போயிற்று. அந்த ஒன்பது மாதம் அவளைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட நான் கூட்டிப்போகவில்லை. அந்தக் கட்டத்தில் வீட்டில் வைக்கச் சொல்பவர்களோடு எனக்கு வழக்கே இல்லை.

வழக்கு அதற்குப் பிறகுதான். நான்காம் வகுப்பு தொடங்கிய சமயத்தில் அவள் ‘மெயின்டெனன்ஸ்’ என்ற கட்டத்துக்கு வந்தாள். தினம் ராத்திரி மெர்காப்டோப்யூரின் மாத்திரை. வெள்ளிக்கிழமைதோறும் மெதோட்ரெக்சேட், சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள், எட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதுகில் ஊசி. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் பார்வை. இது ஏறக்குறைய இரண்டு வருஷம் நடக்கும். ‘முழுசா குணமானதும்’ என்றால், மூன்றாம் வகுப்பில் பாதியில் எழுந்து போனவள் ஆறாம் வகுப்பு வாசலில் வந்து நிற்பாள் என்று அர்த்தம். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

சரி, இரண்டு வருஷம் வேண்டாம், ‘ரத்தம் நார்மல் ஆனதும் அனுப்புங்க’ என்று அடுத்த படிக்கு இறங்கி வந்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! லேப் ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனேன். வெள்ளையணு 2,300. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று அச்சாகியிருந்தது. அலுவலக அறையில் இருந்த மூன்று பேரும் அந்த எழுத்தையே பார்த்தார்கள். ரிப்போர்ட் என் பக்கம் தள்ளப்பட்டது.

அதே ரிப்போர்ட்டை முந்தின நாள் பார்த்த டாக்டர், “ரொம்ப நல்லா இருக்கு” என்று சொல்லியிருந்தார். யார் சொல்வது சரி? டாக்டர் பார்ப்பது மொத்த வெள்ளையணுவை இல்லை. கிருமியோடு முதலில் சண்டைக்குப் போகும் நியூட்ரோபில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார். அன்றைக்கு நியூட்ரோபில் 42 சதவீதம். 2,300-ல் 42 சதவீதம் 966. இந்த எண்ணுக்கு வார்டில் ஏ.என்.சி. என்று பெயர். அங்கே படுத்திருக்கும் ஒவ்வொரு குழந்தையின் அம்மாவுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். படிக்காத அம்மாக்கள்கூட செல்போன் கால்குலேட்டரில் போட்டுவிடுவார்கள். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. 1,500-க்கு மேல் என்றால் நல்ல உடம்புள்ள பிள்ளைக்குச் சமம். மாத்திரையின் அளவைக் கூட்டியும் குறைத்தும் எங்கள் டாக்டர்கள் இந்த எண்ணை 750-க்கும் 1,500-க்கும் நடுவில் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

பிடித்து நிறுத்துகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரத்தம் நார்மல் ஆகக் கூடாது என்பதற்காகவே அவள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். ஒளிந்திருக்கும் புற்றணுவை அடக்கும் அளவுக்கு மருந்து உள்ளே போயிருக்கிறதா என்பதற்கு அந்தக் குறைந்த எண்தான் அடையாளம். ஒருமுறை ஏ.என்.சி. 2,600 வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மாத்திரை தினம் கொடுக்கறீங்களா? எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று போலீஸ் மாதிரி கேட்டார். விட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் அளவைக் கூட்டினார். நார்மல் ஆனதும் அனுப்புங்கள் என்று பள்ளிக்கூடம் சொல்வதும், நார்மல் ஆகிவிட்டதே என்று டாக்டர் கவலைப்படுவதும் ஒரே எண்ணைப் பற்றித்தான். மருந்து வேலை செய்யாத பிள்ளையைத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று, தெரியாமலேயே, ஒரு விதி போட்டுவிட்டார்கள்.

அந்த மெதோட்ரெக்சேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பள்ளிப் படிப்பில் பல தடங்கல்கள். மெட்ரிகுலேஷனை மூன்றாம் முறைதான் தேறினார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். யாரும் அவரைக் ‘குணமானதும் வா’ என்று அனுப்பிவிடவில்லை போலிருக்கிறது.

இப்போது கிருமிக்கு வருகிறேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரே அறை, ஒருவர் தும்மினால் நாலு பேருக்கு. வீட்டில் என்றால் பாதுகாப்பு. இந்தப் படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. என் மனதிலும் இருந்தது, அந்த நவம்பர் புதன்கிழமை வரை.

அன்றைக்குக் காலை இடைவேளையில் அவள் விளையாடப் போகாமல் டெஸ்கில் தலை சாய்த்திருந்தாள். வகுப்பு மிஸ் தொட்டுப் பார்த்தார். என் கடிதத்தோடு நான் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் கொடுத்திருந்தேன், வகுப்பு பீரோவில் இருந்தது. அக்குளில் வைத்துப் பார்த்திருக்கிறார்: 100.8. மணி 11.20. 11.25-க்கு எனக்கு போன். சங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டரின் கடிதத்தை ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தோம், அதனால் டோக்கன் வரிசை இல்லை. ரத்தத்தை கல்ச்சருக்கு எடுத்துவிட்டு 12.15-க்கெல்லாம் ஆன்டிபயாடிக் டிரிப் ஏறிவிட்டது. காய்ச்சல் தெரிந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரே மந்திரம். அன்றைக்கு ஏ.என்.சி. 310. சாயங்காலம் குளிர் நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்கியது, ராத்திரி முழுக்க நர்ஸ் பக்கத்திலேயே இருந்தார். ஏழு நாள் ஆஸ்பத்திரி.

“பாத்தியா, சொன்னேன்ல?” என்றார் மாமியார். நானும் கூனிக் குறுகித்தான் போனேன். மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் வளர்ந்தது இ.கோலை. நம் எல்லோர் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியா. எந்தப் பையனும் தும்மித் தந்ததில்லை. புற்றுநோய் மருந்துகள் வாய், குடல் இவற்றின் உள்தோலை மெலிய வைக்கும், புண்ணாக்கும். அந்த இடுக்கு வழியே குடலில் இருப்பது ரத்தத்துக்குள் நுழையும். நல்ல நாளில் நியூட்ரோபில் அதை வாசலிலேயே மடக்கிவிடும். 310 இருக்கும் நாளில் மடக்க ஆள் இல்லை. இந்தக் குழந்தைகளை ஆஸ்பத்திரியில் தள்ளும் கடும் தொற்றுகளில் பெரும்பகுதி இப்படி அவர்கள் உடம்புக்குள்ளிருந்தே வருகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வீட்டில் பூட்டி வைத்தாலும் குடலும் கூடவே வீட்டில்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் போனதால் வந்த காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்ததால் உடனே கண்டுபிடிக்கப்பட்ட காய்ச்சல். வீட்டில் இருந்திருந்தால் அவள் டிவி முன்னால் சுருண்டு படுத்திருப்பாள், பாட்டி தூங்குகிறாள் என்று போர்த்திவிட்டிருப்பார், நான் ஆறு மணிக்கு வந்து தொட்டுப் பார்த்திருப்பேன்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டில், என் கடிதம் எல்லோர் கைக்கும் போகும் முன்னால், தலைவலி என்று அவள் சொன்னதற்கு ஆயாம்மா பரிவோடு பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்திருக்கிறார். எந்தப் பிள்ளைக்கும் செய்வதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உடம்பு ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் வெளியே தெரிந்தது ராத்திரி ஒன்பதுக்கு. மாத்திரை தொற்றைத் தொடவில்லை, தொற்றின் ஒரே அடையாளத்தை அழித்துவிட்டது. நல்ல வேளையாக அது சாதாரண வைரஸ் காய்ச்சல், ஐந்து நாளில் விட்டார்கள். அதன் பிறகு கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைச் சிவப்பு மையில் திருப்பி எழுதினேன்: “எந்த மாத்திரையும் கொடுக்க வேண்டாம். முதலில் தெர்மாமீட்டர். 100.4-ஐத் தொட்டால் உடனே எனக்கு போன். காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் இருந்தாலும், சோர்ந்து படுத்தாலும் போன். கீழே விழுந்து ரத்தம் நிற்காவிட்டாலும் போன். பிள்ளை ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னாலும் போன்.” கடைசி வரி முக்கியம். பள்ளியிலிருந்து கூட்டிப்போய்விடுவார்கள் என்று தெரிந்தால் இவர்கள் பொய் சொல்வார்கள்.

“ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பொறுப்பு?” தலைமையாசிரியையின் உண்மையான பயம் இதுதான். கேலி செய்ய மாட்டேன், நாலு பிள்ளை விழுந்தாலே செய்தியாகும் காலம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது, டி.சி. பேச்சு வந்தபோது அது என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. சட்டத்தைக் காட்டி அவளை வகுப்பில் உட்கார வைக்கலாம். தலை சாய்த்திருக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வைக்க முடியாது. அதனால் பொறுப்பைப் பிரித்து எழுதினேன். அனுப்பலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு காலையும் முடிவு செய்வது நான். ஏ.என்.சி. 500-க்குக் கீழே இருந்தால் அனுப்ப மாட்டேன். பள்ளியின் பொறுப்பு, தெர்மாமீட்டரும் போனும்.

சும்மா வந்து கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்ததும் உண்டு. முதல் நாள் போனால், பின்னால் சுவர் ஓரம் அவளுக்குத் தனி பெஞ்ச். சுத்தமாகத் துடைத்து, டெட்டால் வாசனையோடு. பாதுகாப்புக்காம். தலைமுடி ஒரு விரல்கடை முளைத்து, ஸ்டீராய்டில் உப்பிய கன்னத்தோடு உள்ளே வந்த பிள்ளைக்கு அந்தத் தனி பெஞ்ச் என்ன சொல்லும்? அதே அறையின் காற்றைத்தான் அங்கேயும் சுவாசிக்கப்போகிறாள். ஜன்னல் ஓரமாக மற்றவர்களோடு உட்கார வைத்தால் போதும், சளி இருமல் உள்ள பிள்ளை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். கைகழுவும் குழாயடியில் ஒரு சோப்பு கேட்டேன், அது எல்லாருக்கும் பயன்படும். கொதிக்க வைத்த தண்ணீர் அவள் பாட்டிலில் வரும். யாராவது பிறந்தநாள் சாக்லேட் கொடுத்தால், தாள் சுற்றியது என்றால், வாங்கிக்கொள்ளட்டும். வெட்டி வைத்த பழம், வாசலில் விற்கும் மாங்காய்த் துண்டு வேண்டாம். பள்ளியில் தடுப்பூசி முகாம் வந்தால் என்னைக் கேட்காமல் வரிசையில் நிறுத்த வேண்டாம், உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள் அவளுக்கு ஆகாது. அவ்வளவுதான்.

அப்படியானால் வகுப்பறையிலிருந்து பயமே இல்லையா? உண்டு. ஒன்றைப் பற்றி எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது: அம்மை.

சாதாரணப் பிள்ளைக்குச் சின்னம்மை ஒரு வாரச் சங்கதி. வேப்பிலை, இளநீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு அது நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இறங்கும், உயிரையே எடுக்கும். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மைக்கு ஊசி இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களுக்குத்தான் உண்டு. நாங்கள் போடவில்லை. இப்போது போடவும் முடியாது. ஆனால் தொற்றிய பிறகும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கிருமி உள்ளே போய் கொப்புளம் வர 10 முதல் 21 நாள் ஆகும். அந்த இடைவெளியில், தெரிந்தால், தடுக்க மருந்து இருக்கிறது. தெரிந்தால்.

பிப்ரவரியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பையன் திங்கள்கிழமையிலிருந்து வரவில்லை. லீவ் லெட்டரில் ‘காய்ச்சல்’ என்று இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பூக்காரம்மா என்னிடம் முழம் போட்டுக்கொண்டே, “அந்தத் தெருவுல அம்மா வந்திருக்கா, வாசல்ல வேப்பிலை சொருகியிருக்கு” என்றார். எந்த வீடு என்று கேட்டேன். அந்தப் பையனின் வீடு.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. பிறகு யோசித்தேன். அம்மை வந்த வீட்டில் அதை வியாதி என்று பெயர் சொல்லி எழுத மாட்டார்கள். தாளிக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள், யாரையும் உள்ளே விட மாட்டார்கள். பார்க்கப் போனால் தனிமைப்படுத்துவதில் அந்தப் பாட்டிக்கு இருக்கும் ஒழுங்கு பல ஆஸ்பத்திரிகளுக்குக் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் ஒத்துவராது: கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை கொப்புளம். வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் ஒரே பெஞ்ச். நான் கேள்விப்பட்ட வியாழன் ஆறாம் நாள். ராத்திரியே டாக்டருக்கு போன். ஊசியாகப் போடும் எதிர்ப்புப் புரதம் முதல் சில நாளுக்குள் போட்டால்தான் நல்லது, எங்கள் ஊரில் அது கிடைக்கவும் இல்லை. ஏழாம் நாளான மறுநாளிலிருந்து அசைக்ளோவிர், ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஏழு நாள். எட்டாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரை பள்ளி கிடையாது, ஏனென்றால் இப்போது அவளால் மற்றவர்களுக்குப் பரவலாம். அம்மை வரவில்லை. இன்னும் நாலைந்து நாள் பூ வாங்கப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை.

‘வீட்டில் வையுங்கள்’ என்பவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரக் கூடும். உட்காரட்டும். அவளுக்கு ஆறு வயது மூத்த அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனும் பள்ளிக்குப் போகிறான். நான் பஸ்ஸில் போகிறேன். அடுத்த வீட்டில் மூன்று வாண்டுகள். ஒருத்தியைப் பூட்டி வைப்பதால் அம்மை வரும் வழி அடைபடாது, அது வந்த செய்தி என் காதுக்கு எட்டும் வழிதான் அடைபடும். பள்ளியிடம் நான் கேட்டது நாற்பத்தொரு வீடுகளுக்கு ஒரு சுற்றறிக்கை: பிள்ளைக்குச் சின்னம்மையோ மணல்வாரியோ கண்டால் அன்றே வகுப்பு ஆசிரியைக்குச் சொல்லுங்கள், எந்தப் பெயரில் சொன்னாலும் சரி. என் மகளின் பெயரும் போட வேண்டாம், அவர்கள் பிள்ளையின் பெயரும் வெளியே போகாது. ஒரு பிள்ளையை வெளியே நிறுத்துவது சுலபம், நாற்பத்தொரு வீட்டில் உண்மையைக் கேட்டு வாங்குவது கஷ்டம். கஷ்டமானதைத் தவிர்ப்பதற்குத்தான் சுலபமானதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பாடம். நான்காம் வகுப்புக்கு வருஷத்தில் 200 வேலை நாள். கணக்கு எழுதுகிறவள் ஆனதால் ஒரு சின்ன நோட்டுப் போட்டேன். மாதாந்திர ஆஸ்பத்திரிப் பயணம் போக வர, 20 நாள். இரண்டு காய்ச்சலுக்கும் 12. ஏ.என்.சி. கீழே போய் மாத்திரையை நிறுத்தி வைத்திருந்த நாட்கள் 10. அம்மைக்குக் காத்திருந்தது 10. மொத்தம் 52. வந்தது 148, அதாவது 74 சதவீதம். அலுவலகக் கணினி 75-க்குக் கீழே என்று சிவப்புக் காட்டியதாம். அந்த விதி பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு எழுதியது. நான்காம் வகுப்புக்கு அதை யார் பொருத்தினார்கள் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை. ‘வரவே முடியாது’ என்று சொல்லப்பட்ட பிள்ளை நாலில் மூன்று நாள் வந்திருக்கிறாள் என்பதை அந்தச் சிவப்பு மறைத்துவிட்டது.

ஆனால் விட்டுப்போன 52 நாளை விட எனக்குக் கவலை, வந்த 148 நாளில் நடந்தது. முன்பெல்லாம் கணக்கில் முதல் ஆள். இப்போது 4,003-லிருந்து 1,678-ஐக் கழிக்கச் சொன்னால் கடன் வாங்கியதை மறந்துவிடுகிறாள். பூஜ்யத்தைத் தாண்டி ஆயிரத்திடம் போனவள், திரும்பி வரும்போது எதற்காகப் போனோம் என்று நிற்கிறாள். மிஸ் சொன்னார்: “கிளாஸ் விட்டுப்போனதால டச் விட்டுப்போச்சு.” எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விட்டுப்போனது மட்டும் காரணம் என்றால் டியூஷன் வைத்தால் தீர்ந்துவிடும். முதுகுத்தண்டு வழியே போகும் மெதோட்ரெக்சேட் சில பிள்ளைகளுக்குக் கவனத்தையும், மனதில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் திறனையும் மந்தமாக்கும். அறிவு குறைவதில்லை, வேகம் குறைகிறது. பல படிகள் உள்ள கணக்கில்தான் அது முதலில் தெரியும். இன்னொரு மருந்து, வின்கிறிஸ்டின், நரம்பைத் தொடும். விரல் நுனி மரத்து, பென்சில் பிடி தளர்ந்து, எழுத்து கோணலாகப் போகும், அதற்குப் பல மாதம் ஆகும் சரியாக. ‘கையெழுத்து மோசம், திருத்தவும்’ என்று நோட்டில் சிவப்பு மையில் வந்தபோது நான் கடிதத்தில் ஐந்தாம் பக்கத்தைச் சேர்த்தேன்.

பரிதாபப்பட்டு மார்க் போட வேண்டாம். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுங்கள், நேரம் அதே நேரம் இருக்கட்டும். கடன் வாங்கியதை மேலே சின்னதாக எழுதி வைத்துக்கொள்ள விடுங்கள், மனக்கணக்கு வேண்டாம். கரும்பலகையிலிருந்து முழுப் பத்தியைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் மிஸ் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் வீட்டில் எழுதிவிடுவாள். வராத நாளின் வீட்டுப்பாடம் முழுவதும் வேண்டாம், தமிழும் கணக்கும் போதும். நான்காம் வகுப்பிலேயே இன்னும் ஒரு வருஷம் உட்கார வைத்தால் இதில் எதுவும் சரியாகாது. அடுத்த வருஷமும் அதே மருந்து, அதே மந்தம், கூடவே தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் மத்தியில் உயரமாக உட்கார்ந்திருக்கும் வெட்கம்.

‘இதெல்லாம் எங்களால முடியுமா?’ என்று கணக்கு மிஸ் கேட்டார். நியாயமான கேள்வி, நாற்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு கேட்கிறார். ஐந்து கணக்கு யோசனையை ஒரு வாரம் செய்து பார்த்தார். பிறகு மெதுவாக எழுதும் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் அதையே வைத்துக்கொண்டார். அவர்களுக்கு எந்த வியாதியும் கிடையாது.

சுற்றறிக்கை போனது மார்ச் முதல் வாரம். மூன்று வாரம் யாரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். அந்த மாதக் கடைசியில் ஒரு திங்கள்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, தெரியாத எண்ணிலிருந்து போன். வயதான குரல். இன்னொரு பிள்ளையின் பாட்டி, வகுப்பு மிஸ்ஸிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

“ராத்திரி எங்க வீட்டுக்கு ஆத்தா வந்துட்டா தாயி. அந்தப் பேப்பர்ல சொல்லச் சொல்லியிருந்துச்சு. உங்க புள்ள வெள்ளிக்கிழமை இவ கூடத்தான் சாப்பிட்டுச்சாம், ஒரே டிபன் பாக்ஸு. திட்டாத. நீ டாக்டரைப் பாரு.”

காலண்டரை எடுத்து வெள்ளிக்கிழமைக்கு வட்டம் போட்டேன். திங்கள், மூன்றாம் நாள்.